600 மில்லி ஜக்கில் லாட்டே வருகிறது, கப்புசினோ வரமாட்டேன் என்கிறது: தப்பு அளவிலா, மூக்கிலா?

கோப்பைத்தொண்டன்:
வீட்டில் இருப்பது ஒரே ஒரு பால் ஜக். பெட்டியில் 600 மில்லி என்று போட்டிருந்தது. மூக்கு கிளி மூக்கு மாதிரி கூராக இருக்கும். 280 மில்லி கோப்பையில் லாட்டே ஊற்றினால் அழகாக வருகிறது. மேலே பாலாலேயே சுமாரான டியூலிப் பூப் படம்கூடப் போட்டுவிடுகிறேன். அதே ஜக்கில் 160 மில்லி கோப்பைக்குக் கப்புசினோ போட்டால் எல்லாம் கெட்டுப்போகிறது. ஆவி விடும்போதே பால் தெறிக்கிறது, சோப்புக் குமிழி சைஸில் நுரை வருகிறது. ஊற்றும்போது முதலில் வெறும் சூடான பால் ஓடிவந்து கோப்பையை நிரப்புகிறது. கடைசியில் நுரை மொத்தமும் ஒரு கட்டியாக ‘தொப்’பென்று விழுகிறது. சின்ன ஜக் வாங்கலாம் என்று பார்த்தால் கூர் மூக்கு, உருண்டை மூக்கு, நீள மூக்கு என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும், அளவையா மூக்கையா?

சனிக்கிழமைபாரிஸ்டா:
அளவும் இல்லை, மூக்கும் இல்லை நண்பரே. ஜக்கில் எப்போதும் மூன்றில் ஒரு பங்கு பால் எடுங்கள், அவ்வளவுதான். நான் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே விதியை வைத்துத்தான் ஓட்டுகிறேன். அப்புறம் கூர் மூக்கு போட்டி போடுகிறவர்களுக்கானது. நமக்கெல்லாம் உருண்டை மூக்கு போதும்.

கோப்பைத்தொண்டன்:
மூன்றில் ஒரு பங்கு என்றால் 200 மில்லி வருகிறதே சார். 160 மில்லி கோப்பைக்கு 200 மில்லி பாலா? பாதியைக் கொட்டத்தான் வேண்டும்.

சனிக்கிழமைபாரிஸ்டா:
ஆமாம், கொஞ்சம் மிஞ்சும். நான் குடித்துவிடுவேன்.

பழையபிடி:
விதியில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எந்த ஜக்கின் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் கேள்வி. 350 மில்லி ஜக் என்றால் அது 115 சொச்சம், ஒரு கப்புசினோவுக்குச் சரியாக இருக்கும். 600 என்றால் 200, ஒரு லாட்டேவுக்குச் சரி. சனிக்கிழமைபாரிஸ்டாவின் ஜக்கும் கோப்பையும் தற்செயலாகப் பொருந்தியிருக்கின்றன, அதனால் விதி வேலை செய்கிறது. கோப்பை மாறினால் விதி கைவிட்டுவிடும்.

தொண்டன், கோப்பையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 160 மில்லி கோப்பையில் டபுள் எஸ்ப்ரெஸ்ஸோ, அதன் மேலே நிற்கும் பழுப்பு நுரையான க்ரீமாவோடு சேர்த்து 40 மில்லி இடம் பிடிக்கும். மீதி 120. ஜக்கின் அடியில் எப்படியும் 20 மில்லி தங்கும், அதைச் சொட்டுச் சொட்டாக வடிக்கப் போகக் கூடாது. ஆக ஆவி விட்ட பிறகு ஜக்கில் 140 மில்லி இருக்க வேண்டும். கப்புசினோவுக்கு நான் பாலை மூன்றில் ஒரு பங்கு பெருக விடுவேன். அப்படியானால் குளிர்ந்த பால் 105 மில்லி. லாட்டேவுக்கு 280-இல் 40 போக 240, தங்குவது 20, மொத்தம் 260. அதில் நுரை குறைவு, ஐந்தில் ஒரு பங்கு பெருகினால் போதும். குளிர்ந்த பால் 215 மில்லி ஆகிறது.

பாருங்கள், கோப்பை இரண்டு மடங்குகூடப் பெரியதில்லை, பால் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. எஸ்ப்ரெஸ்ஸோ இரண்டிலும் ஒரே அளவு, அதோடு கப்புசினோவில் காற்று அதிகம். அதனால்தான் ஒரே ஜக் இரண்டுக்கும் ஒத்துவர மறுக்கிறது.

உங்கள் ஜக்கின் அடி உள்ளே எவ்வளவு அகலம் என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். அப்படியே, மூக்கு தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி எடையும் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் மில்லி பெரும்பாலும் விளிம்பு வரை நிறைத்த கணக்கு, நமக்கு உதவாது.

நால்வர்வீடு:
நல்ல நேரத்தில் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு பேருக்கும் கப்புசினோதான். 1 லிட்டர் ஜக் ஒன்று வாங்கி ஒரே தடவை ஆவி விட்டு நான்கு கோப்பையிலும் ஊற்றிவிடலாம் என்று இருக்கிறேன். மூக்கு எப்படி இருக்க வேண்டும்?

பழையபிடி:
அவர் கேட்டது வேறு, இருந்தாலும் சொல்கிறேன். நான்கு கோப்பைக்கு ஒரே ஜக் என்றால் முதல் கோப்பைக்கும் நான்காம் கோப்பைக்கும் ஒரே பானத்தின் பெயரை வைக்க முடியாது. நுரை நின்ற நேரத்தில் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாவதை ஊற்றும்போது பால் ஒரு பக்கம், நுரை ஒரு பக்கம். எந்த மூக்கும் அதைச் சரிசெய்யாது. இரண்டிரண்டாகப் போடுங்கள். 600 ஜக்கில் இரண்டு கப்புசினோவுக்கான பால், அதாவது 210 மில்லி, அழகாக உட்காரும். ஆவி விட்டதும் பாதியை இன்னொரு ஜக்கில் ஊற்றிப் பிரித்துவிட்டு, உடனே இரண்டிலிருந்தும் ஊற்றுங்கள்.

நால்வர்வீடு:
இரண்டு தடவை ஆவி விட்டால் என் மெஷின் நடுவில் மூச்சு வாங்கும். சரி, முயற்சி செய்கிறேன்.

கோப்பைத்தொண்டன்:
அளந்துவிட்டேன். அடி உள்ளே 8.5 சென்டிமீட்டர். மூக்கு தொடங்கும் இடம் வரை 320 கிராம் தண்ணீர் பிடிக்கிறது.

பழையபிடி:
அப்படியானால் முதல் பாதி விஷயம் முடிந்தது. 8.5 சென்டிமீட்டர் அடியில் 105 மில்லி பால் ஊற்றினால் ஆழம் 2 சென்டிமீட்டர்கூட வராது. என்னிடம் இருக்கும் 350 ஜக்கின் அடி 7 சென்டிமீட்டர். அதில் அதே பால் 2.7 வரை ஏறும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் காற்று இழுக்கும்போது ஆவிக்குழாய் நுனி பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும், அப்புறம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போய்ப் பாலைச் சுழற்ற வேண்டும். உங்கள் ஜக்கில் உள்ளே போக இடமே இல்லை. கொஞ்சம் இறக்கினால் ஆவி அடித்தட்டில் மோதித் திரும்புகிறது, கொஞ்சம் ஏற்றினால் வெளியே வந்து தெறிக்கிறது. சுழல் பிடிக்காததால் பெரிய குமிழிகளை உடைத்து உள்ளே இழுக்க ஆளில்லை. அதற்குள் கொஞ்சப் பால் சீக்கிரம் சூடாகிவிடும். பால் உடல்சூட்டுக்கு வருவதற்குள் காற்று இழுப்பதை முடித்துவிட வேண்டும்; அதற்குக் கிடைக்கும் நேரமும் உங்களுக்குச் சுருங்கிவிடுகிறது.

அதே ஜக்கில் லாட்டேவுக்கு 215 மில்லி ஊற்றும்போது ஆழம் 3.8 சென்டிமீட்டர். அதனால்தான் அது ஒழுங்காக வருகிறது. உங்கள் கை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெண்மேகம்:
பழையபிடி அண்ணா சொல்வது சரி. புது ஜக் வாங்கும்வரை ஒரு வழி இருக்கிறது. ஜக்கை நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், பால் ஒரு மூலையில் சேர்ந்து ஆழம் கிடைக்கும். நுனியை அந்த ஆழத்தில் வைத்து, காற்றை முதல் இரண்டு மூன்று நொடியிலேயே இழுத்துவிட்டு உடனே உள்ளே இறக்குங்கள். நான் ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். பத்தில் ஆறு தடவை வரும்.

மூக்கு விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த ‘தொப்’ பெரிய ஜக்கால் மட்டும் வருவதில்லை. கூர் மூக்கு ஒரு மெல்லிய வாய்க்கால். தடித்த நுரை அதில் அடைத்துக்கொண்டு நிற்கும், அடியில் இருக்கும் பால் மட்டும் நழுவி வரும். உருண்டை மூக்கில் வாய் அகலம், நுரையும் பாலும் சேர்ந்தே இறங்கும். கப்புசினோவுக்கு உருண்டை, லாட்டேவுக்குக் கூர். நான் இரண்டும் வைத்திருக்கிறேன்.

பழையபிடி:
மூக்கை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே குற்றம் சொல்கிறீர்கள். ஆவி விட்டு முடித்து, துணியால் குழாயைத் துடைத்து, எஸ்ப்ரெஸ்ஸோவை எடுத்து வைத்து, அப்புறம் ஊற்றினால் எந்த மூக்கிலும் ‘தொப்’தான். பால் அரை நிமிஷம் சும்மா நின்றிருக்கும். தொண்டன், நீங்கள் எஸ்ப்ரெஸ்ஸோவை எப்போது எடுக்கிறீர்கள்?

கோப்பைத்தொண்டன்:
மாட்டிக்கொண்டேன். என் மெஷினில் பாய்லர் ஒன்றுதான். ஆவி முதலில், அப்புறம் சூடு இறங்கக் காத்திருந்து எஸ்ப்ரெஸ்ஸோ. ஆனால் லாட்டேவுக்கும் அப்படித்தானே செய்கிறேன்?

பழையபிடி:
லாட்டேவில் நுரை மெல்லியது, ஒரு தடவை சுழற்றினால் பாலோடு மறுபடி கலந்துவிடும். கப்புசினோ நுரை தடித்தது, நின்றால் இறுகிவிடும், அப்புறம் சுழற்றினாலும் கட்டியாகவே சுற்றும். வரிசையை மாற்றி எஸ்ப்ரெஸ்ஸோவை முதலில் எடுங்கள். அது ஒரு நிமிஷம் காத்திருந்தால் பெரிய நஷ்டமில்லை, பால் காத்திருக்கக் கூடாது.

ஒரு சோதனை சொல்கிறேன். 215 மில்லி பாலையே எடுங்கள், ஆனால் கப்புசினோவுக்கு விடுகிற அளவு காற்று விடுங்கள். அதிலிருந்து 160 மில்லி கோப்பையை மட்டும் நிரப்புங்கள். பெரிய குமிழி போய்விட்டால் அது அளவின் தப்பு. அப்போதும் நுரை கடைசியில் விழுந்தால் மூக்கைச் சந்தேகப்படலாம்.

வெண்மேகம்:
அண்ணா, அந்தச் சோதனையில் ஓட்டை இருக்கிறது. ஜக்கில் பாதியை மட்டும் ஊற்றினால் நுரை பின்னால் தங்குவது இயற்கைதானே? ஜக் காலியாகும்போதுதான் நுரை மூக்குக்கு வரும். பாதியில் நிறுத்தினால் கோப்பைக்கு மெல்லிய பால்தான் போகும். அதை வைத்து மூக்கைக் குற்றம் சொல்ல முடியாது, காப்பாற்றவும் முடியாது.

பழையபிடி:
உண்மைதான், யோசிக்கவில்லை. அப்படியானால் ஆவி விட்டதும் சுழற்றிவிட்டு, பாதியை வேறொரு பாத்திரத்தில் வேகமாகக் கொட்டிவிட்டு, ஜக்கில் மிஞ்சியதை ஊற்றுங்கள். ஆனால் மிஞ்சியதில் நுரை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்பிரியன்:
என்னிடம் ஆவிக்குழாயே கிடையாது. பாலை அடுப்பில் சூடாக்கி ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் போட்டு மேலும் கீழும் குத்தி நுரை எடுத்து, அப்புறம் ஜக்கில் மாற்றி ஊற்றுகிறேன். எனக்கு இந்த ஆழக் கணக்கெல்லாம் பொருந்துமா?

வெண்மேகம்:
பொருந்தாது. உங்களுக்கு ஜக் என்பது ஊற்றும் பாத்திரம் மட்டும்தான், அடி அகலமானாலும் பரவாயில்லை. ஆனால் மூக்கு முழுசாகப் பொருந்தும். பிரஸ் நுரை சாதாரணமாகவே கொஞ்சம் தடிப்பாக வரும், உருண்டை மூக்கே எடுங்கள். சின்ன ஜக்காக எடுத்தால் சுழற்றவும் வசதி.

கோப்பைத்தொண்டன்:
சோதனை முடிந்தது. மூன்று தடவை செய்தேன், வீட்டில் பால் தீர்ந்து திட்டும் வாங்கினேன்.

முதல் தடவை 215 மில்லியில் கப்புசினோக் காற்று. குமிழி சுத்தமாகப் போய்விட்டது. சத்தமே மாறிவிட்டது: முன்பு ‘கொரகொர’ என்று கத்தும், இப்போது காகிதம் கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம் நாலைந்து நொடி வந்து, அப்புறம் அமைதி. பால் பெயின்ட் மாதிரி பளபளத்தது. பாதியைக் கொட்டிவிட்டு உடனே ஊற்றினேன். ‘தொப்’ இல்லை, ஆனால் கோப்பை பாதி நிறையும்வரை வெள்ளை எதுவும் தெரியவில்லை. அப்புறம் திடீரென்று நுரை அகலமாக வந்து எல்லாவற்றையும் மூடியது.

இரண்டாவது தடவையும் அதேதான், ஆனால் வேண்டுமென்றே அரை நிமிஷம் நிற்கவைத்தேன். பழைய ‘தொப்’ திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது தடவை 105 மில்லி, ஜக்கைச் சாய்த்துப் பிடித்து. வெண்மேகம் சொன்ன பத்தில் ஆறு தடவையில் இது ஒன்று போலிருக்கிறது, சுமாராக வந்தது. உடனே ஊற்றினேன். நுரை மூக்குக்குள் கூம்பு மாதிரி நின்று, இரண்டு பக்கமும் பால் வழிந்தது. ஜக்கின் வெளிச்சுவரில்கூட ஒழுகியது.

வெண்மேகம்:
அந்தக் கூம்பைத்தான் நான் சொன்னேன்!

பழையபிடி:
கூம்பு நிற்கிறது என்றால் காற்று கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கிறது என்றும் அர்த்தம். ஈரமான நுரை கூர் மூக்கிலும் வழுக்கிக்கொண்டு வரும். இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், கப்புசினோவுக்கு அந்த மூக்கு மன்னிக்காது. உருண்டை மூக்கு சின்னத் தப்பை மன்னிக்கும்.

ஆனால் அதே மன்னிப்பு லாட்டேவில் எதிராக வேலை செய்யும். 240 மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது, பால் தண்ணீராக ஓடும். அகல மூக்கில் அது விரிந்து விழுந்து க்ரீமாவைக் கலக்கிவிடும். படம் போட ஆரம்பிக்கும் நேரத்தில் மேற்பரப்பு ஏற்கனவே வெளுத்திருக்கும், கோடு தெரியாது. கூர் மூக்கில் மெல்லிய ஒழுக்காகக் கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டால் பால் க்ரீமாவுக்கு அடியில் போய்விடும். கோப்பை முக்கால் வந்ததும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் வேகத்தைக் கூட்டினால் வெள்ளை மேலே நிற்கும்.

சனிக்கிழமைபாரிஸ்டா:
எனக்கு ஒரு சந்தேகம். 350 ஜக்கே வாங்கிவிட்டு அதிலேயே லாட்டேவும் போட்டால் என்ன? மூக்கு வரை ஊற்றினால் 215 பிடிக்காதா?

பழையபிடி:
என் 350 ஜக்கில் மூக்கு தொடங்கும் இடம் வரை 190 மில்லிதான். 215 ஊற்றினால் மட்டம் மூக்குக்குள் ஏறிவிடும். சுழல் பிடித்ததும் நடுவில் குழியும், ஓரம் ஏறும், மூக்கு வழியாகக் கைமேல் சூடான பால். தப்பித்தாலும் பால் பெருகினால் 260 மில்லி, ஊற்றுவதற்கு முன் ஜக்கைச் சுழற்றவே முடியாது. கொஞ்சமாக விட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. அவர்கள் லாட்டேயில் நுரை ஒரு படலம்தான் இருக்கும்.

சனிக்கிழமைபாரிஸ்டா:
சரி, மூன்றில் ஒரு பங்கு விதியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கப்புசினோவுக்கு மூன்றில் ஒன்று, லாட்டேவுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு. சரியா?

பழையபிடி:
மூக்கு தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள், கப்புசினோ என்றால் இன்னும் ஒரு விரல் கீழே. அதற்கும் கீழே போகிறது என்றால் ஜக் பெரியது. பங்குக் கணக்கு எதற்கு?

இரவுப்பணி:
நடுவில் 450, 500 மில்லி ஜக்குகளும் வருகின்றன. என்னிடம் ஒரு 450 இருக்கிறது, எல்லாவற்றையும் அதிலேயே போடுகிறேன். மூக்கு கூரும் இல்லை, உருண்டையும் இல்லை. கப்புசினோ நன்றாக வரும், லாட்டே 240 மில்லி கோப்பை வரை வரும். தொண்டன் தன் 280 கோப்பையைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டால் ஒரு ஜக்கே போதுமே? அளவு பேசும்போது கோப்பையை ஏன் யாரும் தொடவில்லை?

கோப்பைத்தொண்டன்:
அந்தக் கோப்பை கல்யாணப் பரிசு. தொட முடியாது.

இரவுப்பணி:
புரிகிறது, இரண்டு ஜக் வாங்குங்கள்.

கோப்பைத்தொண்டன்:
பத்து நாள் கழித்து வந்திருக்கிறேன். 350 மில்லி, உருண்டை மூக்கு வாங்கிவிட்டேன். வாங்கும் முன் கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்க்கவா என்று கேட்டேன், ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டில் அளந்ததில் மூக்கு வரை 185. அடி 7.2 சென்டிமீட்டர். 105 மில்லி பால், எஸ்ப்ரெஸ்ஸோ முதலில். கப்புசினோவில் விரல் அகலத்துக்கு நுரை, கரண்டியால் தள்ளினால் பட்டுத்துணி மாதிரி மடிகிறது. படம் என்றால் ஒரு இதயம், அதுவும் கொஞ்சம் கோணல். லாட்டே பழைய ஜக்கிலேயே தொடர்கிறது.

ஒரு தொல்லை. ஜக் குட்டையாக இருப்பதால் ஆவிக்குழாயின் வளைவு விளிம்பில் இடிக்கிறது. சாய்க்க முடியவில்லை, நேராகத்தான் பிடிக்கிறேன். சுழல் வருகிறது, ஆனால் ஒரு பக்கமாக.

வெண்மேகம்:
குழாயை மூக்கின் பள்ளத்தில் சாய்த்து வையுங்கள், அதுதான் அதற்கு உட்காரும் இடம். உருண்டை மூக்கில் பள்ளம் அகலம், நன்றாகவே உட்காரும்.

பழையபிடி:
அங்கே வைத்தால் நுனி நடுவுக்கு வந்துவிடும் வெண்மேகம், சுழல் உடையும். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். பள்ளத்துக்கு அடுத்த ஓரத்தில் சாய்த்துப் பாருங்கள் தொண்டன்.

வெண்மேகம்:
பள்ளத்தில் வைத்துக்கொண்டே கையை ஒரு பக்கம் திருப்பலாம் அண்ணா. நான் அப்படித்தான் செய்கிறேன், உடையவில்லை.

கோப்பைத்தொண்டன்:
நாளைக் காலை இரண்டையும் பார்க்கிறேன். பால் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கி வைத்தாயிற்று.